சமத்து உட்கார்ந்த நாற்காலி

தொண்ணூறு வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாத்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு எண் எழுத வேண்டும். எனக்குக் கொஞ்சமும் பொருந்தாது என்றால் 1, அப்படியே நான்தான் என்றால் 6. என்னிடம் மேற்பார்வைக்கு வரும் பயிற்சி உளவியலாளர் அந்தத் தாளை என் மேசையில் வைத்தபோது அவர் முகத்தில் குழப்பம் தெரிந்தது. நிரப்பியவர் 34 வயதுப் பெண், வங்கி அதிகாரி. தாள் முழுவதும் 1, 2, 1, 1, 2 என்றே இருந்தது. தனக்குத் தானே விதித்துக்கொள்ளும் கடுமையான அளவுகோல்களைப் பற்றிய பகுதியில் மட்டும் இரண்டு 5.

"சார், இவங்களுக்கு ஸ்கீமாவே இல்ல போலிருக்கு. ஆனா ராத்திரி மூணு மணி வரைக்கும் தூங்காம போன்ல சீரியல் பாக்குறாங்க. உள்ளுக்குள்ள எதுவுமே இல்லாத மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. வீட்டுக்காரரோட பேச்சே குறைஞ்சுபோச்சாம். ஆறு வாரமாச்சு, குடுக்கிற வீட்டுப் பாடமெல்லாம் அழகா எழுதிட்டு வர்றாங்க. ஒண்ணும் அசைய மாட்டேங்குது."

நான் கேட்டது ஒன்றுதான். "இந்தத் தாளை நிரப்பினது யார்?"

அந்தக் கேள்வியை விளக்கத்தான் இந்தக் கட்டுரை. இதில் வரும் பெண் தனியொரு மனிதர் அல்லர். பலரிடம் கண்டவற்றைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி எழுதியிருக்கிறேன். அவரிடம் நடந்தவை மட்டும் ஸ்கீமா தெரபி செய்யும் அறைகளில் மீண்டும் மீண்டும் நடப்பவை.

ஜெஃப்ரி யங் என்ற அமெரிக்க உளவியலாளர் அறிவாற்றல் சிகிச்சையின் தந்தையான ஏரன் பெக்கிடம் பயின்றவர். எண்ணங்களைச் சோதித்துத் திருத்தும் அந்த முறை மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நன்றாக வேலை செய்தது. ஆனால் ஒரு சாராரிடம் அது பலிக்கவில்லை. "நான் நினைப்பது தவறு என்று அறிவுக்குத் தெரிகிறது, மனசுக்குத் தெரியவில்லை" என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களுடைய துன்பம் நேற்று வந்ததாக இல்லை, நினைவு தெரிந்த நாளிலிருந்து கூடவே இருந்தது. அவர்களுக்காக யங் 1990இல் எழுதிய நூலில்தான் ஸ்கீமா தெரபி ஒரு முறையாக உருப்பெற்றது. 2003இல் ஜேனட் குளோஸ்கோ, மார்ஜரி வெய்ஷார் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய கையேடு இன்றும் பயிற்சியாளர்களின் மேசையில் இருக்கிறது.

அடிப்படைக் கருத்து எளிமையானது. குழந்தைக்குச் சோறும் துணியும் போலவே சில உணர்வுத் தேவைகள் உண்டு. பற்றிக்கொள்ள ஒரு ஆள், தானாகச் செய்து பார்க்க இடம், நினைத்ததைச் சொல்லும் உரிமை, விளையாட்டு, நியாயமான கட்டுப்பாடு. இவற்றில் ஒன்று நீண்ட காலம் கிடைக்காமல் போனால், உலகம் இப்படித்தான், நான் இப்படித்தான் என்ற ஒரு வார்ப்பு மனதில் இறுகிவிடுகிறது. நினைவு, உணர்ச்சி, உடலில் எழும் உணர்வு, எண்ணம் நான்கும் ஒன்றாகப் பிணைந்த வார்ப்பு அது. சிறுவயதில் உருவாகி, வளர்ந்த பின் வாழ்க்கைக்கு ஒத்துவராமல் போகும் இந்த வார்ப்பைத்தான் ஸ்கீமா என்கிறார்கள். யங்கின் பட்டியலில் மொத்தம் 18 ஸ்கீமாக்கள். நான் சொன்ன தாளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து வாக்கியங்கள்.

பதினெட்டையும் மனப்பாடம் செய்வதால் பெரிய பயனில்லை. ஒன்றை ஆழமாகப் புரிந்துகொண்டால் மற்றவை தானாக விளங்கும். நான் எப்போதும் உணர்வுப் பட்டினியில்தான் தொடங்குவேன். எனக்கு வேண்டிய அன்பும் கவனிப்பும் யாரிடமிருந்தும் ஒருநாளும் கிடைக்காது என்ற எதிர்பார்ப்பு அது. அதற்கு மூன்று முகங்கள் உண்டு. அணைத்துக்கொள்ள ஆளில்லை என்பது ஒன்று. சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டுப் புரிந்துகொள்ள ஆளில்லை என்பது இன்னொன்று. வழிகாட்டவும் காக்கவும் ஆளில்லை என்பது மூன்றாவது. சிகிச்சையில் மிக அதிகமாகத் தட்டுப்படும் ஸ்கீமா இதுதான் என்கிறார் யங். அதே நேரம், தனக்கு அது இருப்பதாக நோயாளிக்கே தெரியாமல் போவதும் இதில்தான் அதிகம். காரணம் யோசித்துப் பார்த்தால் புரியும். அடித்தால் அடி நினைவிருக்கும். கிடைக்காமல் போன ஒன்றுக்கு நினைவு ஏது?

ஸ்கீமா என்பது உள்ளே கிடக்கும் வார்ப்பு. அது வலிக்கும்போது மனிதர் என்ன செய்கிறார் என்பது வேறு விஷயம். ஒரே உணர்வுப் பட்டினியை மூன்று பேர் மூன்று விதமாகச் சமாளிக்கலாம். ஒருவர் அதற்கு அடிபணிந்து, அன்பு காட்டத் தெரியாத ஒருவரையே தேடிப்பிடித்துத் திருமணம் செய்துகொள்வார். இன்னொருவர் நெருக்கமே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார். மூன்றாமவர் நேர் எதிராகத் திரும்பி, தன்னை எல்லாரும் எந்நேரமும் கவனிக்க வேண்டும் என்று அடம்பிடிப்பார். வெளியில் பார்த்தால் மூவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. நடத்தையைப் பார்த்து ஸ்கீமாவை ஊகிப்பதில் பயிற்சியாளர் வழுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

இனி மோட் என்ற சொல்லுக்கு வரலாம். எல்லைநிலை ஆளுமைக் கோளாறு உள்ளவர்களுக்குச் சிகிச்சை தரும்போது யங்குக்கு ஒரு சிக்கல் வந்தது. அவர்கள் வினாத்தாளை நிரப்பினால் கிட்டத்தட்ட எல்லா ஸ்கீமாவிலும் அதிக மதிப்பெண். அதோடு, ஐந்து நிமிடத்துக்கு முன் அழுதவர் இப்போது கொதிப்பார், அடுத்த ஐந்து நிமிடத்தில் கல்லாகிவிடுவார். எந்த ஸ்கீமாவில் வேலை செய்வது? அதனால் அவர் கேள்வியை மாற்றினார். இவரிடம் என்னென்ன ஸ்கீமா உண்டு என்று கேட்பதை விட்டு, இந்த நிமிடம் இவருக்குள் எந்தப் பக்கம் பேசுகிறது என்று கேட்டார். அந்தப் பக்கத்துக்குத்தான் மோட் என்று பெயர். ஸ்கீமா நீண்ட காலத் தன்மை, மோட் இந்தக் கணத்தின் நிலை. ஊரின் தட்பவெப்பத்துக்கும் இன்றைய வானிலைக்கும் உள்ள உறவு போல. ஒரே உடலில் பல ஆட்கள் இருப்பதாக இதற்குப் பொருளில்லை. அலுவலகத்தில் அதிகாரியாக அதட்டுபவர் அம்மா வீட்டுக்குப் போனதும் செல்லப்பிள்ளையாக மடியில் படுப்பதில்லையா? சிலரிடம் இந்தப் பக்கங்களுக்கு இடையே தொடர்பு அறுந்து, ஒன்று மேலே வரும்போது மற்றவை காணாமல் போய்விடுகின்றன. தொல்லை அங்கேதான்.

நம் பெண்ணிடம் நாங்கள் சந்தித்தவை நான்கு. ஒன்று நோகும் குழந்தை. ஸ்கீமாவின் வலி முழுவதையும் சுமப்பது அதுதான். அந்தக் குழந்தையை அதட்டும் தண்டிக்கும் பெற்றோர் இரண்டாவது. இது நிஜப் பெற்றோர் அல்ல, சிறுவயதில் கேட்டு உள்ளே பதிந்துபோன குரல். மூன்றாவது, இவர்களுக்கு முன்னால் சுவர் எழுப்பி எதையும் உணரவிடாமல் தடுக்கும் ஒதுங்கிய காவல். நான்காவது, எல்லாரையும் அறிந்து, குழந்தையைத் தேற்றி, அதட்டும் குரலை நிறுத்தி, முடிவெடுக்கும் பக்குவப்பட்ட பெரியவர். சிகிச்சை என்பது இந்த நான்காமவரை வளர்த்தெடுப்பது. கோபக் குழந்தை, மனம்போல ஓடும் குழந்தை, அடங்கிப் போகும் மோட், மிகையாக ஈடுகட்டும் மோட் என்று இன்னும் உண்டு. இந்தக் கதைக்கு இந்த நால்வர் போதும்.

பயிற்சியாளர் அதிகம் தடுக்கிவிழுவது மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் இடையில். ஒதுங்கிய காவல் பார்ப்பதற்குப் பக்குவப்பட்ட பெரியவரைப் போலவே இருக்கும். நேரத்துக்கு வரும். மரியாதையாகப் பேசும். தன் பிரச்சினையைத் தானே தெளிவாக அலசும். வீட்டுப் பாடத்தை எழுதி வரும். ஆறு வாரம் என் பயிற்சியாளர் பேசிக்கொண்டிருந்தது இந்தக் காவலிடம்தான். வினாத்தாளை நிரப்பியதும் அதுவே. "யாராவது உங்களை அன்பா கவனிச்சுக்கிட்டாங்களா" என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தால், அந்தப் பக்கத்துக்குத் தெரிந்த பதில் "அதெல்லாம் எனக்கு ஒரு பிரச்சினையே இல்ல" என்பதுதான். பொய் சொல்லவில்லை. அந்த நிலையில் அவருக்கு உண்மையாகவே ஒன்றும் தெரிவதில்லை. எனவே குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்தால் ஸ்கீமா இல்லை என்று எழுதுவதற்கு முன், தவிர்த்தலும் இப்படித்தான் காட்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கூட்டுத்தொகையைப் பார்ப்பதைவிட, ஒரு ஸ்கீமாவில் 5, 6 என்று விழுந்த வாக்கியங்களை வட்டமிட்டு, அவற்றைப் பற்றி நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்பதே யங் காட்டிய வழி. ஒன்றில் மூன்று வாக்கியங்களாவது அப்படி விழுந்தால் அந்த ஸ்கீமாவைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். எதுவுமே விழாத தாளுக்கு, வாழ்க்கை வரலாறும் அறையில் நடப்பதும்தான் சாட்சி.

அப்படியானால் எப்படிப் பிரித்தறிவது? முதல் கருவி சிகிச்சையாளரின் சொந்த உடல். கொட்டாவி வருகிறதா, கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றுகிறதா, ஒரு செய்தியறிக்கை கேட்பது போலிருக்கிறதா? எதிரே காவல் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்குவப்பட்டவர் பேசும்போது சோகமான விஷயத்தில் குரல் சோகமாகும், ஆனாலும் யோசனை அறுபடாது. காவல் பேசும்போது தம்பியின் அறுவை சிகிச்சையும் பேருந்து தாமதமானதும் ஒரே சுருதியில் வரும். "இதைச் சொல்லும்போது உடம்புல எங்கே என்ன தெரியுது?" என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் நெஞ்சில் கைவைப்பார். காவல் "ஒண்ணும் தெரியல மேடம், நார்மலாத்தான் இருக்கு" என்று சொல்லும்.

நம் மொழியில் இந்தக் காவலுக்கென்றே சொற்கள் இருக்கின்றன. பரவாயில்ல. அதனால என்ன. பழகிடுச்சு. எல்லாம் ஓடிட்டிருக்கு. சமாளிச்சுக்கலாம். இவை எல்லாரும் நாள்தோறும் சொல்பவைதான். ஒரு மணி நேரத்தில் பதினைந்து முறை வந்தால் கணக்கு வேறு. அந்த வாரப் பதிவை நோயாளியின் ஒப்புதலோடு நானும் பயிற்சியாளரும் கேட்டோம். "பரவாயில்ல" எங்கெல்லாம் வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்தோம். ஒவ்வொரு முறையும் அதற்கு அரை நிமிடம் முன்னால் அம்மாவோ கணவரோ பேச்சில் வந்திருந்தார்கள். சுவர் எப்போது எழுகிறது என்பதற்கு அதைவிடத் துல்லியமான வரைபடம் கிடைக்காது.

அந்தப் பதிவில் இன்னொன்றும் தெரிந்தது. நோயாளி கண்கலங்கப்போன ஓரிடத்தில் என் பயிற்சியாளர் அவசரமாகப் பேச்சை வீட்டுப் பாடத்துக்குத் திருப்பியிருந்தார். கேட்டபோது கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "எங்க வீட்லயும் நான்தான் சார் எதுக்கும் அழாத பொண்ணு" என்றார். சிகிச்சையாளருக்கும் ஸ்கீமா உண்டு. இரண்டு காவல்கள் எதிரெதிரே உட்கார்ந்து மரியாதையாகப் பேசிக்கொண்டால், வருடம் முழுவதும் ஒரு வம்பும் வராமல் ஓடிவிடும், யாரும் குணமாகவும் மாட்டார்கள். தன் மோட்களை அறியாமல் அடுத்தவர் மோட்களில் கைவைக்கக் கூடாது என்று இந்தச் சிகிச்சைமுறை வற்புறுத்துவது இதற்காகத்தான்.

காவலைத் தாண்டுவது எப்படி என்பது அடுத்தது. புதிதாகக் கற்றவர்கள் சுவரை இடிக்கப் பார்ப்பார்கள். "நீங்க உணர்ச்சிகளைத் தவிர்க்கிறீங்க" என்று குற்றம் சாட்டுவது போல் சொல்வார்கள். உடனே உள்ளே இருக்கும் தண்டிக்கும் குரல் அதைப் பிடித்துக்கொள்ளும். பாரு, இதைக்கூட உனக்குச் சரியா செய்யத் தெரியல என்று. காவல் இன்னும் உயரமாகச் சுவர் எழுப்பும். அது ஒரு காலத்தில் அந்தக் குழந்தையை உயிரோடு வைத்திருந்த காவல். அதை அறிந்து, மதித்து, அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக முடியும்.

அதற்கு நாற்காலி உதவும். அறையில் மூன்றாவதாக ஒரு நாற்காலி போடச் சொன்னேன். எட்டாவது வாரம். நோயாளியை அதில் உட்காரச் சொல்லி, "இப்ப நீங்க அந்தப் பரவாயில்லன்னு சொல்ற பக்கமா மட்டும் பேசுங்க. அவங்களைப் பத்திச் சொல்லும்போது 'அவ'ன்னு சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர். பிறகு அந்தப் பக்கத்தை ஒரு விருந்தாளியைப் போலப் பேட்டி எடுத்தார்.

"நீங்க இவங்க வாழ்க்கைக்குள்ள எப்போ வந்தீங்க?"

"ரொம்பச் சின்ன வயசுல. ஆறு, ஏழு இருக்கும்."

"எதுக்காக வந்தீங்க?"

"அவ அழுதா எல்லாருக்கும் தொந்தரவு. நான் வந்தா ஒரு பிரச்சினையும் இல்ல. எல்லாருக்கும் என்னைத்தான் பிடிக்கும்."

"உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடலாம்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "சமத்து."

மோட்களுக்கு நோயாளியின் வாயிலிருந்து வரும் பெயரையே வைக்க வேண்டும் என்று கையேடுகள் சொல்வதன் பொருள் எனக்கு அன்றுதான் முழுதாகப் புரிந்தது. ஒதுங்கிய காவல் என்ற கலைச்சொல் எங்களுக்கானது. சமத்து என்ற சொல்லில் அவருடைய குழந்தைப் பருவம் முழுவதும் இருந்தது. தம்பி பிறவியிலேயே இதயக் கோளாறோடு பிறந்தான். அறுவை சிகிச்சைக்காக அப்பாவும் அம்மாவும் அவனைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்கும் ஊருக்குமாக அலைந்தார்கள். இவளை ஆறு வயதில் பாட்டி வீட்டில் விட்டார்கள். திரும்ப அழைத்துக்கொண்டபோது வயது பத்து. இடையில் வந்து பார்க்கும்போதெல்லாம் அம்மா சொன்னது, "என் பொண்ணு சமத்து, தனக்கு வேணுங்கிறதைத் தானே பாத்துக்கும்." யாரும் இந்தக் குழந்தையைக் கொடுமைப்படுத்தவில்லை. ஊரே அவள் சுவரைப் பாராட்டியது.

நாற்காலியில் இருந்த சமத்துவிடம் பயிற்சியாளர் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டார். நீங்கள் இருப்பதால் இவருக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்? லாபத்தைச் சமத்து மளமளவென்று சொன்னது. வேலையில் நல்ல பெயர், யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை, ஏமாற்றம் இல்லை. நஷ்டத்தைக் கேட்டபோது குரல் தாழ்ந்தது. "அவருக்கு என்கிட்ட என்ன பேசுறதுன்னே தெரியலன்னு சொல்றார்." கவனித்தீர்களா? 'அவ' போய் 'என்கிட்ட' வந்துவிட்டது. சுவரில் கதவு திறப்பதை இப்படிப்பட்ட சின்ன மாற்றங்களில்தான் பிடிக்க முடியும். அன்று அதற்கு மேல் போகவில்லை. பத்து நிமிடம் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார அடுத்த வாரம் சம்மதமா என்று சமத்துவிடம் கேட்டுவிட்டு அமர்வை முடித்தார்.

அடுத்த கட்டம் கற்பனைக் காட்சியை மாற்றி எழுதுவது. கண்ணை மூடி, அண்மையில் மனம் சுருங்கிய ஒரு நிகழ்ச்சியை நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும். கணவர் தலைவலி என்று படுத்த அன்று இவர் தைலம் தேய்த்துவிட்டார். மறுவாரம் இவருக்குக் காய்ச்சல். கணவர் எட்டிப் பார்த்து, "மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த உணர்வு உடம்பில் எங்கே இருக்கிறது? தொண்டையில். சரி, காட்சியை அழித்துவிடுங்கள், தொண்டையில் இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், சின்ன வயதில் இதே உணர்வு இருந்த ஏதாவது ஒரு படம் வருகிறதா பாருங்கள். தேடிப் பிடிக்க வேண்டாம், தானாக வரட்டும்.

வந்தது. பாட்டி வீடு. ஏழு வயது. காய்ச்சல். வீட்டார் எல்லாரும் தேர் பார்க்கப் போயிருக்கிறார்கள். பாயில் தனியாகப் படுத்திருக்கிறாள். தாகம். பானை முற்றத்தில் இருக்கிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது. பக்கத்து வீட்டில் அத்தை முறை வேண்டிய ஒருத்தர் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார். கூப்பிடவில்லை. ஏன் என்று பயிற்சியாளர் கேட்டார். "கூப்பிட்டா பாட்டி திட்டும். 'உன் தம்பி அங்கே உயிருக்குப் போராடிட்டிருக்கான், உனக்கென்ன குறை'ன்னு கேக்கும்." தண்டிக்கும் பெற்றோரின் குரலுக்கு இவரிடம் இருந்த வாசகம் அதுதான். உனக்கென்ன குறை.

இந்த இடத்தில் செய்யக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "பாவம், பாட்டிக்கும் வயசாச்சு, அம்மாவும் என்ன பண்ணுவாங்க" என்று பெரியவர்களுக்கு வக்காலத்து வாங்கக் கூடாது. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குழந்தை பாயில் தாகத்தோடு கிடக்கும்போது சொல்ல வேண்டிய உண்மை அது அல்ல. அப்படிச் சொன்னால் சமத்து உடனே திரும்பி வந்துவிடும், அது காலமெல்லாம் சொல்லிவந்ததும் அதுதானே. நேர் எதிராக, காட்சிக்குள் புகுந்து அம்மாவையும் பாட்டியையும் கடுமையாக ஏசுவதும் தவறு. பெற்றோரைக் குறைசொல்வதையே பாவமாக எண்ணி வளர்ந்தவர் குற்ற உணர்வில் மூழ்கி, அடுத்த வாரம் வராமலேயே போகலாம். குழந்தையின் தேவை நியாயமானது, அது கிடைக்கவில்லை. இந்த இரண்டை மட்டும் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். யார் கெட்டவர் என்ற தீர்ப்பு தேவையில்லை.

பயிற்சியாளர், "நான் அந்த வீட்டுக்குள்ள வரலாமா?" என்று கேட்டார். தலையசைப்பு. முதல் தடவை காட்சிக்குள் நுழைவது சிகிச்சையாளர்தான். நோயாளிக்குள் இருக்கும் பெரியவர் அப்போது போதிய பலத்தோடு இருக்கமாட்டார், அதனால் அந்த வேலையை அவர் தலையில் சுமத்தக் கூடாது. பல மாதம் கழித்து அவரே நுழைந்து தன் குழந்தையைப் பார்த்துக்கொள்வார். பயிற்சியாளர் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்ததாகச் சொன்னார். "பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். குடி. மெதுவா." பாட்டி திரும்பி வந்ததும் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல் சொன்னார்: "பாட்டி, இவளுக்கு ஏழு வயசு. காய்ச்சல் அடிக்குது. தம்பிக்கு உடம்பு முடியலங்கிறதால இவளுக்கு வலிக்காம இருக்காது. ராத்திரி யாராவது இவ பக்கத்துல படுக்கணும்." பிறகு குழந்தையிடம், இப்போ என்ன வேணும் என்று கேட்டார். "போகாதீங்க."

நான்கைந்து நிமிடம் அழுகை. பயிற்சியாளர் ஒன்றும் பேசவில்லை, இருக்கிறேன் என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். பெற்றோரிடம் கிடைக்காமல் போனதை, தொழில் எல்லைக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சிகிச்சையாளர் கொடுப்பதை வரையறுத்த மறுவளர்ப்பு என்கிறார்கள். அதில் வரையறுத்த என்ற சொல்லுக்குப் பாதி எடை. நோயாளிக்கு அம்மாவாகிவிடுவது அதில் சேராது. மறுநாள் மாலை, முன்பே பேசி வைத்தபடி ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். நேற்று கனமான விஷயம் பேசினோம், இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று. அவ்வளவுதான்.

இதை எல்லாருக்கும் எட்டாவது வாரத்தில் செய்யலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவருக்கும், போதைப் பழக்கம் கட்டுக்குள் வராதவருக்கும், காட்சிக்குள் போனதும் நினைவு தப்பி இந்த அறையையே மறந்துவிடுபவருக்கும் முதலில் வேண்டியது பாதுகாப்பு. கண்ணைத் திறந்துகொண்டு, தரையில் பாதம் படுவதை உணர்வதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எல்லைநிலை ஆளுமைக் கோளாறில் காவலைத் தாண்டவே ஒரு வருடம் ஆகலாம். அங்கே அவசரப்பட்டால் சுவர் இடியும், உள்ளே இருக்கும் குழந்தையைத் தாங்கிப் பிடிக்க ஆள் இருக்காது.

இந்த முறைக்குச் சான்று இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்தைக் காட்டலாம். 2006இல் வெளியான ஆய்வில் எல்லைநிலைக் கோளாறு உள்ள 86 பேருக்கு, வாரம் இரண்டு அமர்வாக மூன்று ஆண்டுகள் வரை சிகிச்சை நடந்தது. ஸ்கீமா தெரபி பெற்றவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேர் முழுமையாக மீண்டார்கள். ஒப்பிடப்பட்ட இன்னொரு சிகிச்சையில் 24 சதவீதம். அந்த இன்னொரு முறையைச் சேர்ந்தவர்கள், தங்கள் சிகிச்சை அங்கே சரியாகக் கையாளப்படவில்லை என்று எதிர்வாதம் செய்தார்கள், அதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது 2014இல் வந்த நெதர்லாந்து ஆய்வு. வேறு ஆளுமைக் கோளாறுகள் உள்ள 323 பேர் அதில் பங்கேற்றார்கள். சிகிச்சையாளர்களில் ஒரு பிரிவினர் பெரும்பாலும் விரிவுரை கேட்டுப் பயின்றவர்கள், அடுத்த பிரிவினர் பெரும்பாலும் ஒருவருக்கொருவர் செய்து பார்த்துப் பயின்றவர்கள். இரண்டாம் பிரிவினரின் நோயாளிகளே அதிகம் தேறினார்கள். ஆகவே நாற்காலியைப் பற்றிப் பத்துக் கட்டுரை படிப்பதற்கு முன் அதில் ஒரு முறை உட்கார்ந்து, தன் சமத்துவிடம் தானே பேசிப் பார்க்கும்படி என் பயிற்சியாளரிடமும் சொன்னேன். செய்தார். அன்று அவர் பேசியது இந்தக் கட்டுரைக்கு உரியதல்ல.

ஆறு மாதம் கழித்து நோயாளியிடம் அதே 90 வாக்கியங்களை மறுபடி கொடுத்தோம். பயிற்சியாளர் கலங்கிப்போய் வந்தார். உணர்வுப் பட்டினிக்கான ஐந்து வாக்கியங்களில் முன்பு 1, 1, 2, 1, 2. இப்போது 5, 6, 5, 3, 6.

"சார், நம்மால அவங்களுக்கு இன்னும் மோசமாயிடுச்சா?"

"இதை நிரப்பும்போது எப்படி இருந்தாங்க?"

"போன தடவை பத்தே நிமிஷத்துல முடிச்சுட்டாங்க. இந்தத் தடவை பாதியிலேயே நிறுத்திட்டாங்க. கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்புறம் எங்கிட்ட, 'மேடம், குடிக்கக் கொஞ்சம் தண்ணி தர்றீங்களா'ன்னு கேட்டாங்க."